வாயு குறைந்தால் ஆபத்து குறைந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எரிமலை ஒன்றின் கந்தக வாயு வெளியேற்றம் சில நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது என்றும், அதன் பிறகும் அறிவியலாளர்கள் எச்சரிக்கையை உயர்த்தினார்கள் என்றும் படித்தேன். வாயு குறைகிறது என்றால் உள்ளே அழுத்தம் குறைகிறது என்றுதானே பொருள்? பிறகு எச்சரிக்கையை ஏன் தளர்த்தாமல் உயர்த்த வேண்டும்? வாயு, நிலவீக்கம், நடுக்கம் என்று மூன்றையும் அளக்கிறார்கள். இவற்றில் எதை நம்புவது?

அன்புடன்,
செல்வி

அன்புள்ள செல்வி,

நீங்கள் படித்தது பெரும்பாலும் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலையைப் பற்றியதாக இருக்கும். 1991ஆம் ஆண்டு அங்கே நடந்ததை நாள்வாரியாகப் பார்த்தாலே உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அதற்கு முன் வாயுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆழத்தில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பான மாக்மாவில் நீராவியும் கரியமில வாயுவும் கந்தக டை ஆக்சைடும் கரைந்திருக்கின்றன. மாக்மா மேலேறும்போது அதன் மேல் அழுத்தும் பாறையின் சுமை குறைவதால் இந்த வாயுக்கள் குமிழிகளாகப் பிரிகின்றன. கரியமில வாயு ஆழத்திலேயே பிரியத் தொடங்கிவிடும்; கந்தக டை ஆக்சைடின் பெரும்பகுதி, மாக்மா மேற்பரப்பை நெருங்கிய பிறகுதான் பிரியும். மலை உச்சியில் இந்த வாயு கூடினால் மாக்மா மேலே வந்துகொண்டிருக்கிறது என்று கொள்வது இதனால்தான். அது குறைந்தால் இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். மாக்மா தன் வாயுவை இழந்து ஓய்ந்திருக்கலாம். அல்லது வாயு வெளியேறும் வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். ஒன்று விடுதலை, மற்றொன்று அதற்கு நேர் எதிர். வாயுவை அளக்கும் கருவி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

பினாடுபோ ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்த மலை. 1991 ஏப்ரல் 2 அன்று அதன் வடபுறச் சரிவில் நீராவி வெடிப்புகள் நிகழ்ந்தன. பிலிப்பைன்ஸ் எரிமலை, நிலநடுக்கவியல் நிறுவனத்தினர் அதிர்வுமானிகளை வைத்தார்கள். அம்மாத இறுதியில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் சிறு குழு ஒன்றும் வந்து சேர்ந்தது. மே 13 அன்று அளந்தபோது கந்தக டை ஆக்சைடு நாளொன்றுக்குச் சுமார் 500 டன். மே 28 அன்று அது 5,000 டன்னைத் தாண்டியது. ஜூன் 5 அன்று 300 டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. நீங்கள் அன்று அங்கே இருந்திருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பீர்கள், நானும் விட்டிருப்பேன்.

'நாளொன்றுக்கு இத்தனை டன்' என்று படிக்கும்போது யாரோ தராசில் எடை போட்டதுபோல ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. உண்மையில் நடப்பது வேறு. கந்தக டை ஆக்சைடு சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களில் சில அலைநீளங்களை உறிஞ்சும். அதை அளக்கும் நிறமாலைமானியை ஒரு விமானத்தில் வானத்தை நோக்கி வைத்து, புகைத்தாரைக்கு அடியில் குறுக்காக ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறக்கிறார்கள். தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் எவ்வளவு வாயு தொங்குகிறது என்பதைக் கருவி சொல்லும். ஒரு கணக்குக்காக, தாரையின் அகலம் 2,000 மீட்டர், சராசரியாகச் சதுர மீட்டருக்கு அரை கிராம் வாயு என்று வைத்துக்கொள்வோம். காற்று நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் அதை நகர்த்துகிறது என்றால், நொடிக்கு 6 கிலோ வாயு அந்தக் குறுக்குக்கோட்டைக் கடக்கிறது. ஒரு நாளுக்கு அது ஏறத்தாழ 518 டன். அதே தாரைக்குக் காற்றின் வேகம் 9 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 778 டன். வாயு ஒரு கிராம்கூடக் கூடவில்லை. காற்றைத் தவறாகக் கணித்ததுதான் வேறுபாடு. ஆகவே 500 என்றும் 700 என்றும் வரும் ஏற்ற இறக்கங்களுக்கு நான் பெரிய மதிப்புத் தரமாட்டேன். 5,000 என்பது 300 ஆவது அப்படிப்பட்டதல்ல. காற்றுக் கணக்கில் நேரும் பிழை அவ்வளவு தூரம் நீளாது.

இன்னொரு சிக்கல், தண்ணீர். கந்தக டை ஆக்சைடு நிலத்தடி நீரில் எளிதில் கரைந்துவிடும். மாக்மா ஏறிக்கொண்டிருந்தாலும் வழியில் ஈரமான பாறை இருக்கும்வரை வாயு மேலே வராமலே போகலாம். வெப்பத்தால் அந்தத் தடம் உலர்ந்த பிறகே அது தாரையில் தென்படும். வாயு குறைவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் யாரும் ஆறுதல் கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஜூன் முதல் வாரத்துக்குத் திரும்புவோம். 5,000 டன் 300 ஆனபோது, மாக்மா ஓய்ந்திருந்தால் மற்றக் கருவிகளும் அடங்கியிருக்க வேண்டும்: அதிர்வுகள் குறைய வேண்டும், வீங்கிய நிலம் தணிய வேண்டும். நடந்தது வேறு. மே மாதம் முழுவதும் பெரும்பாலான சிறு நிலநடுக்கங்கள் உச்சிக்கு வடமேற்கே சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, சில கிலோமீட்டர் ஆழத்தில் நிகழ்ந்துகொண்டிருந்தன. ஜூன் தொடக்கத்தில் அவை உச்சிக்கு நேர் கீழே, நீராவித் துளைகளுக்கு அடியில், ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்ந்தன. கூடவே ஜூன் 6 அன்று மேல் கிழக்குச் சரிவில் இருந்த சாய்வுமானி, நிலம் உச்சியிலிருந்து வெளிப்புறமாகச் சாய்வதைக் காட்டியது.

சாய்வுமானி அளக்கும் நுண்மையை இப்படிச் சொல்லலாம்: ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கம்பியின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் ஏற்படும் சாய்வுதான் ஒரு மைக்ரோ ரேடியன், அதைக்கூட அது உணரும். அவ்வளவு நுண்மையானது என்பதால் ஏமாறுவதும் எளிது. வெயிலில் பாறை சூடாகிக் குளிர்வது, கனமழையில் மண் ஊறுவது எல்லாம் சாய்வாகவே பதிவாகும். வெயிலின் சாய்வு பகலில் ஏறி இரவில் திரும்பும். மாக்மாவின் சாய்வு திரும்பாமல் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். ஆழமில்லாத இடத்தில் சேரும் மாக்மா அருகிலிருக்கும் கருவியைத்தான் பெரிதும் சாய்க்கும். தொலைவிலிருக்கும் கருவி ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அதுவும் பயனுள்ள செய்திதான்: வீக்கம் மேலே, சிறிய இடத்தில் இருக்கிறது என்று அது சொல்கிறது. இன்று செயற்கைக்கோள் ரேடாரும் ஜிபிஎஸ் நிலையங்களும் இந்த வேலையைப் பரந்த அளவில் செய்கின்றன. ஆனால் மணிக்கு மணி மாறும் வீக்கத்துக்கு மலைமேல் பதிந்த சாய்வுமானிக்கு இணை இன்னும் இல்லை என்பது என் எண்ணம்.

ஆக, வாயு குறைகிறது, அதிர்வுகள் உச்சிக்கு அடியில் கூடுகின்றன, நிலம் வெளிப்புறமாகச் சாய்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் அடைபட்ட வழி என்ற பொருள்தான் மிஞ்சுகிறது. வாயு 300 டன்னுக்கு இறங்கிய அதே ஜூன் 5 அன்று, இரண்டு வாரங்களுக்குள் வெடிப்பு நிகழலாம் என்பதைக் குறிக்கும் மூன்றாம் நிலை எச்சரிக்கை அறிவிக்கப்பட்டது. ஜூன் 7 அன்று நிலநடுக்கங்கள் திரளாக வந்தன. 24 மணி நேரத்துக்குள் வெடிக்கலாம் என்ற நான்காம் நிலைக்கு உயர்த்தினார்கள். அன்று உச்சியருகே ஒரு சிறு எரிமலைக் குழம்பு மேடு தலைநீட்டியது. வாயு வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது இந்த மாக்மாவேதான் என்று விளக்குகிறார்கள். மேடு வெளிவந்த பிறகு, ஜூன் 10 வாக்கில், கந்தக டை ஆக்சைடு 13,000 டன் அளவுக்கு ஏறியது. அதே நாளில் அருகிலிருந்த கிளார்க் விமானத் தளத்திலிருந்து சுமார் 14,500 பேர் சாலை வழியே வெளியேற்றப்பட்டார்கள். ஜூன் 12 காலை முதல் பெரிய வெடிப்பு. சாம்பல் தூண் 19 கிலோமீட்டர் எழுந்தது. ஜூன் 15 அன்று, சூறாவளி ஒன்று கடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, உச்சக்கட்ட வெடிப்பு நிகழ்ந்தது.

நீங்கள் கேட்ட நடுக்கத்தைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் நிலநடுக்கமும் இந்த நடுக்கமும் ஒன்றல்ல. பாறை உடையும்போது வரும் அதிர்வு, பதிவுத்தாளில் கூர்மையாகத் தொடங்கிச் சட்டென்று தேய்ந்துவிடும். குழம்போ வாயுவோ விரிசல்களின் வழியே நகரும்போது எழும் அலை மந்தமானது. தொடக்கம் எங்கே என்று விரல்வைத்துக் காட்ட முடியாது. அத்தகைய அலைகள் இடைவெளியின்றித் தொடர்ந்து, நிமிடக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ நீடித்தால் அதைத் தொடர்நடுக்கம் என்கிறோம். பினாடுபோவில் குழம்பு மேடு தோன்றிய பின் ஜூன் 12 வரை இது விட்டுவிட்டு வந்தது. பலத்த காற்றும், வெள்ளம் ஓடும் ஆறும், மேலே பறக்கும் ஹெலிகாப்டரும் இதே போன்ற கோட்டைத் தாளில் வரையும் என்பதுதான் தொல்லை. உண்மை நடுக்கம் உச்சியை நெருங்கிய நிலையத்தில் பெரிதாகவும், விலக விலகச் சிறிதாகவும் எல்லா நிலையங்களிலும் ஒரே சமயத்தில் தெரியும். காற்று அப்படி ஒழுங்காகத் தேயாது.

எச்சரிக்கையைத் தளர்த்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். பினாடுபோவுக்கு வகுத்த நிலைகளிலேயே, அறிகுறிகள் அடங்கினாலும் குறிப்பிட்ட காலம் காத்திருந்த பிறகே ஒரு படி இறங்க வேண்டும் என்ற விதி இருந்தது. புயலுக்கு முந்தைய அமைதியில் ஏமாறாமல் இருப்பதற்கென்றே அதை எழுதினார்கள்.

இந்த முறை எல்லா மலைகளிலும் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2014 செப்டம்பரில் ஜப்பானின் ஒன்டாகே மலையில் 10, 11 தேதிகளில் நிலநடுக்கங்கள் கூடிப் பின்பு குறைந்தன; எச்சரிக்கை மிகக் கீழான நிலையிலேயே இருந்தது. 27ஆம் தேதி காலை 11:41க்குத் தொடர்நடுக்கம் தொடங்கியது, 11:45க்குச் சாய்வுமானி மலை எழும்புவதைக் காட்டியது, 11:52க்கு மலை வெடித்தது. உச்சியில் நின்ற மலையேறிகளில் 58 பேர் இறந்தார்கள், 5 பேர் கிடைக்கவே இல்லை. அது மாக்மா மேலேறி வந்து வெடித்ததல்ல. சூடேறிய நிலத்தடி நீர் நீராவியாகி வெடித்தது. பினாடுபோவில் வாரக்கணக்கில் கிடைத்த முன்னறிவிப்பு, இங்கே அதே இரண்டு கருவிகளில் 11 நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது.