நான்கு குட்டிகள், நான்கு கிண்ணம் சூரியகாந்தி விதை: அந்தப் படம் சொல்லாதவை

கேள்வி: "விற்பவர் ஒரே படத்தில் நான்கு பிராணிகளைக் காட்டி அனுப்பியிருக்கிறார்: ஜெர்பில், ஃபெரெட், சின்சில்லா, சுகர் கிளைடர். எல்லாம் ஒரே மாதிரிக் கம்பிக்கூண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்ணம் சூரியகாந்தி விதை. 'எல்லாமே அணில் மாதிரிதான், இதுவே போதும்' என்கிறார். என் மகள் சுகர் கிளைடர்தான் வேண்டும் என்கிறாள். ஒன்று மட்டும் வாங்கலாமா? எதற்கு என்ன வேண்டும்?"

பதில்: ஒன்று மட்டும் வாங்க வேண்டாம். அந்த விதைக் கிண்ணத்தை நம்பி எதையுமே வாங்க வேண்டாம். படத்தில் இருக்கும் நான்கில் ஜெர்பிலும் சின்சில்லாவும் மட்டும்தான் கொறிக்கும் இனம். ஃபெரெட் கீரி போல இறைச்சி தின்னும் பிராணி. சுகர் கிளைடரோ கங்காருவைப் போல வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் இனம். அளவு சிறியது, மயிர் மென்மையானது என்பதைத் தவிர இவற்றுக்குள் பொதுவாக எதுவும் இல்லை.

உங்கள் மகள் கேட்டதையே முதலில் பார்ப்போம். தவறான வளர்ப்பால் அதிகம் பாதிக்கப்படுவதும் அதுதான். சுகர் கிளைடர் ஆஸ்திரேலியா, நியூகினிக் காடுகளில் கூட்டமாக வாழ்வது. மரப்பிசின், மரச்சாறு, பூந்தேன், பூச்சி இவைதான் அதன் சாப்பாடு. வளர்ந்த ஒன்றின் எடை 100 முதல் 150 கிராம். இந்தச் சிறிய உடம்பில் கால்சியம் குறைந்தால் அதைத் தாங்க இருப்பு கிடையாது.

என்னிடம் ஒருமுறை கொண்டுவந்த இரண்டு வயது ஆண் கிளைடரைச் சொல்கிறேன். தனியாக வளர்ந்தது. பல மாதமாக ஆப்பிள், வாழைப்பழம், மீல்வார்ம் புழு தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை. ஆசையாகத் தின்றது, கொழுகொழுவென்றும் இருந்தது. முதலில் கூண்டில் மேலே ஏறுவது மெதுவானது. 'சோம்பேறி ஆகிவிட்டது' என்று வீட்டார் நினைத்தார்கள். அடுத்த வாரம் தாவியபோது பிடி நழுவி விழுந்தது. என் மேசையில் வைத்தபோது முன்கைகளால் துணியைப் பற்றி உடம்பை இழுத்தது. பின்கால்கள் இரண்டும் வாலோடு சேர்ந்து பின்னால் தேய்ந்து வந்தன. எக்ஸ்ரேயில் எலும்புகள் கண்ணாடி போல மங்கலாகத் தெரிந்தன, ஒரு தொடை எலும்பு முறிந்திருந்தது.

நடந்தது இதுதான். பழத்தில் கால்சியம் மிகக் குறைவு. மீல்வார்மில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். உணவில் கால்சியம் பாஸ்பரஸைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இங்கே அது தலைகீழாகிவிட்டது. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து அதை உருவி எடுக்கும். பிராணி தின்றுகொண்டே இருக்கும், எலும்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டே இருக்கும். கால்சியம் ஊசி போட்டு, பிறகு வாய்வழி மருந்து கொடுத்து, ஏற முடியாதபடி தாழ்வான, மெத்தை விரித்த பெட்டியில் வைத்தோம். ஆறாவது வாரம் கம்பியைப் பிடித்தது. ஆனாலும் முறிந்த கால் பழைய பலத்துக்குத் திரும்பவே இல்லை.

அதனால் உணவை முதலிலேயே சரியாகத் தொடங்குங்கள். ஒரு நாள் சாப்பாடு உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம். அதாவது 100 கிராம் கிளைடருக்கு 15 முதல் 20 கிராம். அதில் ஏறத்தாழ பாதி, பூந்தேனுக்கு மாற்றாக உயிரியல் பூங்காக்களிலும் பயன்படும் லெட்பீட்டர் கலவை. வெதுவெதுப்பான நீர் 150 மி.லி., தேன் 150 மி.லி., ஓடு நீக்கிய அவித்த முட்டை ஒன்று, புரதம் மிகுந்த குழந்தைச் சத்துமாவு 25 கிராம், வைட்டமின்-தாதுப் பொடி ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, சின்னச் சின்ன அச்சில் ஊற்றி உறையவைத்து, ஒரு வேளைக்கு ஒன்றாக எடுக்கலாம். மறுபாதி பூச்சி தின்னும் பிராணிகளுக்கென்று விற்கும் தீவனம், அதோடு சிள்வண்டு போன்ற பூச்சி. பூச்சியைக் கொடுப்பதற்கு முன் அதற்கே இரண்டு நாள் கால்சியம் கலந்த தீவனம் போட்டு, கடைசியில் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். பழம் தொட்டுக்கொள்ள மட்டும்.

இரண்டாவது விஷயம், தனிமை. இது இரவெல்லாம் விழித்திருக்கும் பிராணி. உங்கள் வீடு தூங்கும்போது அதற்குப் பேச்சுத்துணை இருக்காது. தனியாக வைத்த கிளைடர் தன் வாலையும் காலையும் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதைப் பார்க்க மனம் தாங்காது. குறைந்தது இரண்டு வேண்டும்; ஆணும் பெண்ணுமாக வைத்தால் ஆணுக்குக் கருத்தடை செய்யுங்கள். கூண்டு அகலத்தைவிட உயரமாக, குறைந்தது 60 × 60 × 90 செ.மீ. இருக்கட்டும். கம்பி இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. நன்றாக வைத்தால் 10 முதல் 12 ஆண்டுகள் வாழும். உங்கள் மகளுக்கு இப்போது எட்டு வயது என்றால், அவள் கல்லூரி முடிக்கும் வரை என்று கணக்குப் போடுங்கள்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சின்சில்லா ஆண்டிஸ் மலையின் குளிருக்குப் பிறந்தது. மயிர் அவ்வளவு அடர்த்தி என்பதால் 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே ஆபத்து. காது சிவந்து, ஒருக்களித்துப் படுத்து மூச்சு வாங்கினால் வெப்பத்தாக்கு. ஏசி இல்லாமல் கோடையைக் கடக்க முடியாத வீட்டில் இதை வைக்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. நீரில் குளிப்பாட்டாதீர்கள், இதற்கென்று விற்கும் மென்தூளில் புரண்டு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பல் ஆயுள் முழுக்க வளரும், அதைத் தேய்ப்பது திமோத்தி உலர்புல்தான். விதை தின்றால் பல் தேயாது. மோவாய் எச்சிலில் நனைந்திருந்தால் பல் பிரச்சினை தொடங்கிவிட்டது.

ஃபெரெட்டின் குடல் குட்டை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். இறைச்சிப் புரதமும் கொழுப்பும்தான் வேண்டும். தானியத்தை அதன் குடலால் பயன்படுத்திக்கொள்ள முடியாது. ரப்பர், ஸ்பாஞ்ச் எதையும் விழுங்கிக் குடலை அடைத்துக்கொள்ளும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்தால் பிழைப்பது அரிது, தடுப்பூசி கட்டாயம். இதை வைத்திருக்கும் அறையில் மற்ற மூன்றையும் வைப்பது வேட்டைக்காரனோடு இரையை அடைப்பதுதான்.

ஜெர்பில் நான்கிலும் எளிது. மங்கோலியப் புல்வெளியில் வளை தோண்டி வாழ்வது. கம்பிக்கூண்டு வேண்டாம், கண்ணாடித் தொட்டியில் 20 செ.மீ.க்குக் குறையாமல் மரச்சுருளும் காகிதத் துகளும் கொட்டி, ஒன்றாக வளர்ந்த இரண்டை விடுங்கள். விதை கொஞ்சம் சேரலாம். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோல் உரிந்து கையோடு வந்துவிடும்.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். கலிபோர்னியாவில் ஃபெரெட், ஜெர்பில், சுகர் கிளைடர் மூன்றுமே வளர்க்கத் தடை. உங்கள் இடத்தின் விதி வேறாக இருக்கலாம்.

விற்பவரிடம் புதுப் படம் கேட்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் எடுத்த வீடியோ கேளுங்கள். கிளைடர் கம்பியில் ஏறும்போது பின்கால்கள் இரண்டும் மாறி மாறிக் கம்பியை இறுக்கிப் பிடிக்கின்றனவா, அல்லது முன்கைகள் இழுக்கப் பின்கால்கள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். தொங்கினால், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் அதற்கு இப்போது வேண்டியது வாங்குபவர் இல்லை, மருத்துவர். அதை விற்பவரிடமே சொல்லுங்கள்.