போட்டோகிராபரின் வெப்சைட்டிலிருந்து கல்யாணப் படங்களை எடுக்கச் சொல்வது

எங்க கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர், அவருடைய வெப்சைட்டில் எங்க குடும்பப் படங்களை எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டிருக்கார். எடுக்கச் சொல்லலாமா? எப்படிக் கேட்கணும்?

தாராளமாகக் கேட்கலாம். முதலில் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி அதில் இருந்தால் நீங்கள் கேட்பது வேண்டுகோள்தான், சண்டைக்குப் போக முடியாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டது நீங்கள் இருவர். படத்தில் இருக்கும் அக்கா குழந்தை போடவில்லை. சட்டம் இதை நாட்டுக்கு நாடு வேறு மாதிரி பார்க்கிறது. என்றாலும் மெயிலில் இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் குழந்தை படம் என்றதும் பெரும்பாலானவர்கள் வாதாட மாட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். என் தம்பி கல்யாணப் படங்களை எடுக்கச் சொன்னபோது போட்டோகிராபர் அன்றைக்கே அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டார். ஆனால் கூகுளில் மணமக்கள் பெயரைப் போட்டால் படங்கள் வந்துகொண்டே இருந்தன, தட்டினால் முழு அளவில் திறக்கவும் செய்தன. வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் பக்கம் வேறு, படக் கோப்பு வேறு. பக்கத்தை அழித்தாலும் கோப்பு சர்வரிலேயே கிடக்கும். போதாக்குறைக்குக் கோப்புக்கே மணமக்கள் பெயரை வைத்திருந்தார். (தேடலில் மேலே வருவதற்காகப் பலர் இப்படிச் செய்கிறார்கள்.)

அதனால் "படங்களை எடுத்துவிடுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் ரைட் கிளிக் செய்து, படத்தின் முகவரியைக் காப்பி பண்ணி, பக்கத்தின் முகவரியோடு சேர்த்து அனுப்புங்கள். நான் இரண்டாம் முறை எழுதியது ஏறக்குறைய இப்படி:

"சார், பக்கத்தை எடுத்ததற்கு நன்றி. கீழே உள்ள கோப்புகள் இன்னும் திறக்கின்றன. மீடியா லைப்ரரியிலிருந்தே இவற்றை அழித்துவிட முடியுமா? குழந்தைகள் இருப்பதால் கேட்கிறோம். உங்கள் வேலையில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை."

அந்தக் கடைசி வரி முக்கியம். படத்தை எடுக்கச் சொன்னால் வேலை பிடிக்கவில்லை என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

அவர் அழித்தபின் அதே முகவரிகளைப் பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். பக்கம் இல்லை என்று சொல்லும் 404 வந்தால் சரி. அழித்த முகவரியை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பக்கம் உயிரோடு இருப்பதாகக் கூகுள் நினைத்துக்கொள்ளக்கூடும். படம் திறக்கவில்லை, ஆனால் தேடலில் மட்டும் சின்னதாகத் தெரிகிறது என்றால், கூகுளின் Refresh Outdated Content பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுங்கள். தளம் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை, கூகுள் கணக்கு இருந்தால் போதும். மூலத்தில் படம் இருக்கும்வரை இந்த வழி பலிக்காது, ஆகவே வரிசை மாறக் கூடாது.

மேக்கப் செய்தவர், மேடை அலங்காரம் செய்தவர் எல்லாரும் அதே படங்களை வாங்கி இன்ஸ்டாகிராமில் போட்டிருப்பார்கள். போட்டோகிராபர் யார் யாருக்குப் படங்களைக் கொடுத்தார் என்று அதே மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள், அவர்களுக்கு நீங்கள் தனித்தனியாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.