1 முதல் 5 வரையிலான மதிப்பீட்டுக்குச் சராசரி போடலாமா?

கேள்வி: பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம்னு நாலு அளவுகோல் சொல்றாங்களே, என்ன வித்தியாசம்? எல்லாமே எண்தானே, சராசரி போட்டா என்ன?

அளவுகோல் சொல்லும் பொருள் கெடாமல் எண்களை வேறு எண்களாக மாற்றி எழுதினாலும் உங்கள் முடிவு நிற்கிறதா என்று பாருங்கள், அதுதான் சோதனை. 1946இல் உளவியலாளர் ஸ்டீவன்ஸ் இந்த நான்கையும் பிரித்தது இந்த அடிப்படையில்தான்.

பெயரளவில் (ரத்த வகைக்கு 1, 2, 3 என்று குறியீடு கொடுப்பது போல) எண் வெறும் சீட்டு, எதில் எத்தனை பேர், எது அதிகம் என்பதோடு சரி.

சிக்கல், எது மேல் எது கீழ் என்று மட்டும் சொல்லும் வரிசை அளவில்தான். திருப்தி மதிப்பீட்டில் ஒரு குழு 3, 3, 3 தருகிறது, இன்னொன்று 1, 2, 5. சராசரி 3, 2.67, முதல் குழு முந்துகிறது. ஆனால் 4க்கும் 5க்கும் உள்ள தூரம் 1க்கும் 2க்கும் உள்ளதுதான் என்று யார் சொன்னது? 5ஐ 10 என்று எழுதுங்கள், வரிசை மாறவே இல்லை, ஆனால் இரண்டாம் குழுவின் சராசரி 4.33 ஆகி முந்திவிடும். வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பான இடைநிலையோ இரண்டு முறையும் 3, 2 என்றே நிற்கும். அதனால் இடைநிலையும், ஒவ்வொரு பதிலையும் எத்தனை சதவீதம் பேர் சொன்னார்கள் என்பதும் போதும் என்பேன், ஆய்வுகளில் சராசரி போடுபவர்கள் நிறைய என்றாலும்.

இடைவெளியில் தூரங்கள் சமம், சராசரி தாராளமாகப் போடலாம். அப்புறம் 20 டிகிரி செல்சியஸ் 10ஐப் போல இரண்டு மடங்கு சூடு என்று மட்டும் சொல்லாதீர்கள்: பாரன்ஹீட்டில் அவை 68, 50, மடங்கு காணாமல் போய்விடுகிறது, ஏனென்றால் அங்கே பூஜ்யம் நாமாக வைத்தது. எடை, நீளம், கெல்வின் போன்ற விகித அளவில் பூஜ்யம் உண்மையிலேயே ‘ஒன்றுமில்லை’, அதனால் மடங்கும், எண்களைப் பெருக்கி மூலம் எடுக்கும் பெருக்கல் சராசரியும் அங்கே செல்லும்.