பிபியின் இரண்டு எண்களும் பல்ஸ் பிரஷரும்

கேள்வி: பிபி 120/80 என்றால் மேல் எண், கீழ் எண் என்ன? பல்ஸ் பிரஷர் எது?

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனியில் ஏறும் உச்ச அழுத்தம் சிஸ்டாலிக், அதாவது மேல் எண். இதயம் தளர்ந்து நிரம்பும்போது மிஞ்சுவது டயஸ்டாலிக். அப்போதும் அழுத்தம் பூஜ்யமாகாது. ஊதிய பலூனின் ரப்பர் சுருங்கிக் காற்றைத் தள்ளுவதுபோல, விரிந்த தமனிச் சுவர் சுருங்கி ரத்தத்தை ஓட்டுகிறது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பல்ஸ் பிரஷர், இங்கே 40. அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு 112/90 காட்டினால், மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர் 'நார்மல்' என்று எழுதிவிடுவார். இடைவெளியோ 22தான். உள்ளே ரத்தம் கசிந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறையும். ஈடுகட்ட உடல் ரத்தக் குழாய்களை இறுக்குவதால் கீழ் எண் ஏறும். நாடியும் வேகமாக இருந்தால் உடனே மூத்த செவிலியரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது பல்ஸ் ரேட். பல்ஸ் பிரஷர் அது அல்ல.