வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைக்கலாமா?

"மே மாதம் குடும்பத்தோடு பாளையங்கோட்டையிலிருந்து காரில் சென்னை போகிறோம். வெயிலில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும், 33க்குப் பதில் 28 போதும் என்கிறார் பங்க்கில் காற்றடிக்கும் தம்பி. டயர் கடைக்காரரோ நைட்ரஜன் போட்டால் கவலையே இல்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முழு லோடுக்கு என்று தனியாக ஓர் எண் போட்டிருந்தால் அதுதான் உங்கள் கணக்கு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது.

வெயிலில் காற்று விரியும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? விடிகாலையில் 30 டிகிரியில் 33 வைத்துக் கிளம்புகிறீர்கள். கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர் என்று நிழலே இல்லாத கரிசல்காட்டு ரோட்டில் ஓடி, உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரிக்கு வந்தால் அளவு ஏறக்குறைய 38 காட்டும். நல்ல டயருக்கு அது ஒன்றுமே இல்லை. இந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் ஸ்டிக்கரில் எண் போடுகிறார்கள்.

காற்று குறைந்தால்தான் வில்லங்கம். காரின் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுதான். அது குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாகப் பிதுங்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண கார் டயர் விநாடிக்குப் பதினான்கு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டைத் தொடும் இடம் மடங்கி நிமிர்கிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைக்கிற இடம் சுடுமே, அதே கதைதான். ரப்பர் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. மடக்கு கூடக் கூடச் சூடும் கூடும். டயர் முதுகின் ஓரத்தில், எஃகுக் கம்பி அடுக்கு முடியும் இடத்தில், சூடு தேங்கி ரப்பருக்கும் கம்பிக்கும் உள்ள ஒட்டு தளரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய சாமான், இந்த வேகம் எல்லாம் சேர்ந்து ஒருநாள் முதுகு உரிந்துகொண்டு போகும். பார்க்கிறவர்கள் வெயிலில் வெடித்தது என்பார்கள்.

இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 28 வைத்துக் கிளம்பிய டயர் சுட்டு, உள்காற்று 80 டிகிரிக்குப் போனால் அளவுக்கருவி 35 காட்டும். நடுவழியில் பார்க்கிறவர் ‘சரியாத்தானே இருக்கு’ என்று போய்விடுவார். இதற்கு நேர் எதிரும் நடக்கும். 33 வைத்துக் கிளம்பியவர் மதுரை பைபாஸில் டீக்கு நிறுத்தி அளக்கச் சொல்வார். 38 காட்டும். "அண்ணாச்சி, கூடுதலா இருக்கு" என்று தம்பி ஐந்து பாயிண்ட் இறக்கிவிடுவார். மறுநாள் காலை ஆறியபின் அதே டயரில் 29கூட இருக்காது. சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. வண்டி மூன்று மணி நேரம் நின்றபின், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓட்டிப்போய் அளப்பதுதான் அளவு.

ஒரு விதிவிலக்கு. ஓடிச் சுட்ட டயரிலேயே 33 அல்லது அதற்கும் கீழே காட்டினால் அது நிச்சயம் குறைவு. மற்ற டயர்கள் அதே இடத்தில் 37, 38 காட்டி இது மட்டும் 32 என்றால் ஆணி ஏறியிருக்கலாம், வால்வு கசியலாம். அப்போது ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மற்ற டயர்களின் அளவுக்கு ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் பங்க்சர் கடை பார்த்துக் கசிவைத் தேடுங்கள். காலையில் ஆறியபின் மறுபடி அளந்து 33க்குக் கொண்டுவாருங்கள்.

நைட்ரஜன்? நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். சூடானால் அதுவும் விரியும், கசிந்தால் அதுவும் குறையும். குறைந்த டயர் மடங்கிச் சுடுவதை அது தடுக்காது. அந்தக் காசுக்குச் சொந்தமாக ஓர் அளவுக்கருவி வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள். பங்க்கில் ‘இலவசக் காற்று’ என்று போர்டு மட்டும் பளபளக்கும், ஆள் இருக்க மாட்டார், கருவி சரியா என்று யாரும் கேட்பதில்லை. வழிநெடுகச் சுங்கம் மட்டும் தவறாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஏற்கெனவே பல வாரம் 28லேயே ஓட்டியிருந்தால் காற்றை ஏற்றுவதோடு விட்டுவிடாதீர்கள். தளர்ந்த ஒட்டு திரும்பி ஒட்டாது. டயரின் இரு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருக்கிறதா, பக்கச்சுவரில் புடைப்பு உண்டா பாருங்கள். சந்தேகம் இருந்தால் ரிம்மிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டிக் கிடந்தால் அந்த டயர் முடிந்தது. பங்க்சர் ஒட்டி ஓட்டலாம் என்பவரிடமும், பாலிஷ் போட்ட பழைய டயரைப் புதிது மாதிரி நீட்டுபவரிடமும் பேச்சை வளர்க்காமல் வேறு கடை பாருங்கள்.