பெரியப்பாவுக்கு மண்டபத்து வழியை எழுதும்போது

கேள்வி: தங்கையின் கல்யாணம் கொட்டகலைக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில், காலை ஒன்பது மணி முகூர்த்தம். வவுனியாவிலிருந்து பெரியப்பா குடும்பம் முதல் நாளே கண்டிக்கு வந்து தங்கி, விடியப்புறம் வேனில் புறப்படுகிறார்கள். அவர் இந்தப் பக்கம் வாகனம் ஓட்டி வந்ததே இல்லை. லொகேஷன் மட்டும் அனுப்பினால் போதுமா? வழியை எழுதி அனுப்புவதென்றால் எப்படி எழுதுவது?

பதில்: எழுதியே அனுப்புங்கள். லொகேஷனும் கூடப் போகட்டும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அதோடு, கைபேசிக்குத் தோட்டப் பாதையும் பாதைதான். குறுக்கே போனால் பத்து நிமிடம் மிச்சம் என்று காட்டி, தேயிலை மலைக்குள் கொழுந்து லொறி மட்டும் போகிற பாதையில் ஏற்றிவிடும். அதில் ஏறிய வேனைத் திருப்ப இடம் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும்.

சமவெளிக்காரருக்கு வழி எழுதும்போது நாம் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று உண்டு. வளைவையும் திருப்பத்தையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். "வலப்பக்கம் திரும்பி மேலே வாங்க" என்றால் நமக்கு அது வீதியே வளைகிற கொண்டை ஊசி வளைவு. பெரியப்பாவுக்கோ, வீதியை விட்டு இன்னொரு வீதிக்குப் போக வேண்டிய இடம். வவுனியாப் பக்கத்து நேர் வீதியில் ஓட்டிப் பழகியவர் வளைவுக்கு வளைவு "இதுதானோ" என்று வேகத்தைக் குறைப்பார், பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கும். ஆகவே அவர் வீதியை மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் எழுதுங்கள். கண்டியிலிருந்து கொட்டகலை வரை அப்படி ஐந்து இடங்கள்தான்.

ஒவ்வொரு திருப்பத்தோடும் இரண்டு ஊர்ப் பெயர் சேருங்கள். சரியாகத் திரும்பினால் அடுத்து வரும் ஊர் ஒன்று, தவறவிட்டால் கண்ணில் படும் ஊர் ஒன்று. இந்த இரண்டாவது பெயரை யாரும் எழுதுவதில்லை. வழி தவறியவருக்கு உதவுவது அதுதான். தவறு இரண்டாவது கிலோமீட்டரிலேயே தெரிந்தால் திரும்பி வந்துவிடலாம், இருபதாவதில் தெரிந்தால் முகூர்த்தம் போய்விடும்.

உங்கள் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"பெரியப்பா, கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேராதனைக்கு வாங்க. அங்கே கொழும்பு வீதியை விட்டு இடப்பக்கம் கம்பளை வீதிக்குத் திரும்புங்க. கெலிஓயா வந்தால் சரி. கடுகண்ணாவை என்று பலகை கண்டால் திரும்பி வாங்க.

கம்பளை டவுனில் நாவலப்பிட்டி வீதியைப் பிடிங்க. உலப்பனை வந்தால் சரி. புசல்லாவை வந்தால் நுவரெலியா வீதியில் ஏறிவிட்டீங்க, திரும்புங்க.

நாவலப்பிட்டியில் கினிகத்தேனை வீதி. டவுனில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கினிகத்தேனையில் அந்த வீதி கொழும்பு - ஹட்டன் வீதியில் போய் முட்டும். அங்கே இடப்பக்கம். வட்டவளை வந்தால் சரி. வலப்பக்கம் போய்விட்டால் வீதி இறங்கிக்கொண்டே போகும், கித்துல்கல பலகை வரும்.

மல்லியப்பு தாண்டினால் ஹட்டன். டவுனில் நுவரெலியா வீதியை விடாதீங்க. டிக்கோயா, நோர்வூட் என்று கண்டால் அது மஸ்கெலியாப் பக்கம் போகிற வீதி. நுவரெலியா வீதியில் அடுத்த டவுன் கொட்டகலை."

கண்டிக்கு முந்தைய வழியை எழுதாமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். அவருக்குத் தெரிந்த கடைசி இடத்திலிருந்து தொடங்கினால் போதும். வவுனியாவிலிருந்து எழுதினால் குறிப்பு நீளும், தேவையான இடத்தில் கண் நிற்காது. ஊர்ப் பெயரைப் பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். நாம் வாயால் அட்டன் என்கிறோம், பலகையில் ஹட்டன் என்றிருக்கும். தோட்டங்களுக்கு இது இன்னும் முக்கியம். லயத்தில் ஒரு பெயரும், வீதியோரப் பலகையில் ஆங்கிலேயர் வைத்த வேறொரு பெயரும் இருப்பது சாதாரணம். வந்தவர் வாசிக்கப் போவது பலகையைத்தான்.

கினிகத்தேனையில் "இறங்கிக்கொண்டே போகும்" என்று எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. மூடுபனியில் பலகை தெரியாது, சந்தி தெரியாது. வேன் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மட்டும் எப்போதும் தெரியும். ஹட்டன் பக்கம் வருகிறவர் மொத்தத்தில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும்.

இனி, அதிகம் மெனக்கெட வேண்டிய கடைசி ஒரு கிலோமீட்டர். உங்கள் மண்டபம் பெருவீதியிலிருந்து தோட்டப் பாதையில் ஏறுகிற இடத்தில் இருந்தால், கல்யாணத்துக்கு முன் ஒரு காலையில் ஹட்டன் பக்கமிருந்து வாகனத்தில் அந்த இடத்துக்கு நீங்களே வந்து பாருங்கள். எதிர்த்திசையில் வந்து பார்த்து எழுதினால் இடமும் வலமும் மாறிவிடும், அடையாளமும் முதுகுப் பக்கம் போய்விடும். நானே ஒருமுறை சொந்தக்காரர்களுக்கு "மேட்டில் நிற்கிற பெரிய டர்பன்டைன் மரத்தடியில் திரும்புங்கள்" என்று எழுதி அனுப்பினேன். அன்று காலை மேடே பனிக்குள் இருந்தது, இரண்டு வாகனம் தாண்டிப் போய்விட்டது. அதன்பின் வீதியோரத்தில், ஹெட்லைட் வெளிச்சம் படுகிற உயரத்தில் உள்ளதைத்தான் எழுதுகிறேன்: பாலத்துச் சுவர், பஸ் தரிப்பிடம், கோயில் வளைவு, வெள்ளையடித்த கிலோமீட்டர் கல். கல்லில் உள்ள எண்ணையும் எழுதுங்கள். "இந்த எண் கண்டால் தாண்டிவிட்டீங்க" என்று அடுத்த கல்லின் எண்ணையும் சேருங்கள்.

தோட்டப் பாதை பெருவீதியைத் தொடும் கோணத்தையும் பாருங்கள். சில பாதைகள் வந்த வழியையே பார்த்தபடி கூர்மையாகப் பின்னோக்கி ஏறும். கார் திரும்பிவிடும், வேன் ஒரே மூச்சில் திரும்பாது, நடுவீதியில் குறுக்கே நின்றுவிடும். அப்படியானால் "திரும்புங்க" என்று எழுதாமல், "தாண்டிப் போய் அகலமான இடத்தில் வேனைத் திருப்பிக்கொண்டு வந்து ஏறுங்க" என்று எழுதி, அந்த அகலமான இடத்தையும் சொல்லுங்கள். ஒடுக்கமான பாதையில் எதிரே வாகனம் வந்தால், ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் இடம் விடுவது நம் பக்கத்து வழக்கம். அதையும் ஒரு வரி எழுதினால் பெரியப்பா பதறிப் பின்னால் எடுக்கமாட்டார்.

நேரத்தைக் கிலோமீட்டரில் சொல்லாதீர்கள். கண்டியிலிருந்து ஹட்டன் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். வவுனியாக் கணக்கில் அது ஒன்றேகால் மணி நேரம், இங்கே இரண்டரை. கொட்டகலை வரையும், பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டினால் நிறுத்துவதற்கும் சேர்த்து மூன்றரை மணி நேரம் வையுங்கள். எட்டு மணிக்கு மண்டபத்தில் இருக்க, கண்டியில் நாலரைக்கு வேன் கிளம்ப வேண்டும். உன்டுவப் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். அதற்குள் கல்யாணம் வந்து, அன்று போயாவோ வார இறுதியோ ஆனால் நல்லதண்ணி போகும் பஸ்களால் ஹட்டன் நிறைந்துவிடும். இன்னும் அரை மணி நேரம் சேருங்கள்.

முதல் நாள் மாலை பாதை திறந்திருக்கிறதா என்று ஒருமுறை விசாரியுங்கள். வட்டவளைப் பக்கம் மழை அதிகம், மண்சரிவும் வரும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளை எப்படி அறுத்தது என்று எல்லோரும் கண்டோம். 117 அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம். ஹட்டனிலிருந்து அன்று வந்த பஸ் சாரதியைக் கேட்டால் இன்னும் சரியாகச் சொல்வார். பாதை மூடியிருந்தால் கம்பளையில் புசல்லாவைப் பக்கம் திரும்பி, நுவரெலியா, தலவாக்கலை வழியாக வரச் சொல்லலாம். அது நீண்ட சுற்று, இரவே சொல்லிவிட வேண்டும். அந்த வழியில் கொட்டகலைக்கு எதிர்ப்பக்கமிருந்து வருவார்கள் என்பதால், கடைசிக் கிலோமீட்டரை இடம் வலம் மாற்றி வேறொரு தாளில் எழுதி வைத்திருங்கள்.

குறிப்பை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும், தாளில் எழுதிய படமாகவும் அனுப்புங்கள். ஓட்டுகிறவர் வாசிக்கக் கூடாது, பெரியம்மாவோ மகனோ வாசிக்கட்டும். அடியில் மண்டபத்தில் நிற்பவரின் இலக்கம் இருக்கட்டும், மாப்பிள்ளை வீட்டாரோடு ஓடித்திரிகிற உங்களுடையது வேண்டாம். ஏழரையிலிருந்து தோட்டப் பாதை வாயிலில் டோர்ச்சோடு ஒரு தம்பியை நிறுத்துங்கள்.