பிரீமியம் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டதா? முதிர்வுத் தொகையில் வரி எப்போது வரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

"இன்சூரன்ஸ் பணத்துக்கு வரியே கிடையாது" என்று நம்பி இருந்தவர்கள், வங்கிக் கணக்கில் தொகை குறைந்து வந்ததைப் பார்த்ததும் பதறி எழுதிய கேள்விகள்தான் இந்த முறை அதிகம். பெரும்பாலும் 2012-க்குப் பிறகு போட்ட பாலிசிகள். கேட்டவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், ஆண்டு பிரீமியம் எவ்வளவு, காப்புத் தொகை எவ்வளவு?

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: "2015 ஜூனில் ஃபிக்சட் டெபாசிட் முதிர்ந்த பணத்தை, வங்கியிலேயே சொன்னார்கள் என்று ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய் பாலிசியில் போட்டேன். பத்து வருஷம் கழித்து 2025 ஜூனில் 9,20,000 ரூபாய் வந்திருக்க வேண்டும், ஆனால் 8,400 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். வரி இல்லை என்றுதானே சொன்னார்கள் சார்? சரி, பிடித்தது போகட்டும், இதோடு முடிந்ததா?"

முடியவில்லை சார், அதைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

வருமான வரிச் சட்டம் 10(10டி) பிரிவு முதிர்வுத் தொகைக்கு விலக்கு தருகிறது, ஆனால் நிபந்தனையோடு. 2012 ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்ட பாலிசியில், எந்த ஒரு வருஷத்திலும் கட்ட வேண்டிய பிரீமியம் காப்புத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேறு விதமாகச் சொன்னால், காப்புத் தொகை ஆண்டு பிரீமியத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஒற்றைப் பிரீமியம் என்றால் மொத்தப் பணமும் முதல் வருஷப் பிரீமியமாகவே கணக்காகும். உங்கள் பத்திரத்தில் காப்புத் தொகை 6,25,000 ரூபாய், அதாவது கட்டியதைப் போல் ஒன்றேகால் மடங்கு. அப்படியானால் பிரீமியம் காப்புத் தொகையில் 80 சதவீதம். பத்துக்கும் எண்பதுக்கும் நடுவில் வாதாட இடமே இல்லை, விலக்கு கிடையாது.

அந்த 8,400 எப்படி வந்தது? வந்த தொகையில் கட்டியதைக் கழித்தால் 4,20,000 ரூபாய், அதில் 2 சதவீதம் டிடிஎஸ். 2024 அக்டோபருக்கு முன்னால் இது 5 சதவீதமாக இருந்தது. காப்பீட்டு நிறுவனம் பிடிப்பது ஒரு முன்பணம் மாதிரிதான், உங்கள் வரி உங்கள் வருமான அடுக்குப்படி ரிட்டர்னில் கணக்காகும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. 2015-இல் இந்தப் பிரீமியத்துக்கு 80சி சலுகை எடுத்தீர்களா? அதற்கும் இதே 10 சதவீத உச்சவரம்பு உண்டு என்பதால், 5 லட்சம் கட்டியிருந்தாலும் 62,500 ரூபாய்க்குத்தான் சலுகை கிடைத்திருக்கும். 2023 ஏப்ரலில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, சலுகையாக ஏற்கெனவே எடுத்த பிரீமியத்தை முதிர்வில் திரும்பவும் கழிக்க முடியாது. ஆக நீங்கள் கழிக்கக்கூடியது 4,37,500 ரூபாய் மட்டும், வரிக்கு உட்படும் வருமானம் 4,82,500 ரூபாய். நீங்கள் 80சி எடுத்தீர்களா இல்லையா என்பது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியாது, அதனால் அவர்கள் டிடிஎஸ் பிடித்த தொகையும் உங்கள் உண்மையான வருமானமும் வேறுபடும். டிடிஎஸ் சான்றிதழில் இருப்பதை அப்படியே ரிட்டர்னில் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் 30 சதவீத அடுக்கில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 4,82,500-க்கு வரி 1,44,750, அதன் மேல் 4 சதவீத செஸ் 5,790, மொத்தம் 1,50,540 ரூபாய். பிடித்த 8,400 போக 1,42,140 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டியது. 80சி எடுக்கவே இல்லை என்றால் மொத்த வரி 1,31,040 ரூபாயாகக் குறையும், அதனால் அந்த வருஷத்து ரிட்டர்ன் நகலைத் தேடி எடுத்துப் பாருங்கள். இது 'பிற ஆதாரங்களிலிருந்து வருமானம்' என்ற தலைப்பில் வரும். இவ்வளவு பெரிய தொகைக்கு ரிட்டர்ன் வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிதியாண்டு முடிவதற்குள், மார்ச் 15 தவணையிலாவது முன்வரியாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை என்றால் மாதம் 1 சதவீத வட்டி சேரும்.

மேற்கு மாம்பலத்திலிருந்து ஓர் அம்மா: "அவர் இருந்தபோது என் பேரில் போட்ட இதே மாதிரி ஒற்றைப் பிரீமியம் பாலிசி. எனக்கும் 2025 ஜூனில் முதிர்ந்தது, ஏறத்தாழ இதே கணக்குத்தான். எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வருஷத்துக்கு 3 லட்சம், வேறு வருமானம் இல்லை. எனக்கும் ஒன்றரை லட்சம் வரியா?"

இல்லை அம்மா, கவலைப்படாதீர்கள். உங்கள் மொத்த வருமானம் எட்டு லட்சத்துக்குள் அடங்குகிறது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி காரணமாக வரி பூஜ்யம். முதிர்வுத் தொகைக்கு விலக்கு இல்லை என்பது உங்கள் பாலிசிக்கும் பொருந்தும், ஆனால் அதைச் சேர்த்தாலும் உங்களுக்கு வரி வராது. பிடித்த டிடிஎஸ் முழுவதும் ரீஃபண்டாகத் திரும்ப வரும், அதற்கு ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வரி இல்லையே என்று விட்டுவிட்டால் பணமும் வராது, வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியும் ரிட்டர்ன் போடவில்லை என்று நோட்டீஸும் வரலாம். தாக்கல் செய்யும் முன் 26ஏஎஸ் படிவத்தில் டிடிஎஸ் உங்கள் பான் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பதி: "எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி பாலிசி. ஆண்டு பிரீமியம் 60,000, காப்புத் தொகை 4 லட்சம், 12 வருஷம். என் கணவருடையது 2012 ஜனவரி, என்னுடையது 2012 மே. 2024-இல் அவருக்கு முழுப் பணமும் வந்தது, எனக்கு மட்டும் டிடிஎஸ் பிடித்தார்கள். ஏதோ தவறு நடந்திருக்கிறதா?"

தவறு ஒன்றும் இல்லை. உங்கள் இரண்டு பாலிசிகளுக்கும் நடுவே 2012 ஏப்ரல் 1 விழுந்துவிட்டது, அவ்வளவுதான். 2003 ஏப்ரல் 1 முதல் 2012 மார்ச் 31 வரை வழங்கப்பட்ட பாலிசிகளுக்கு வரம்பு 20 சதவீதம், அதன் பிறகு 10. 60,000 என்பது 4 லட்சத்தில் 15 சதவீதம். அவருக்கு 20-க்குள் இருக்கிறது, முழு விலக்கு. உங்களுக்குப் பத்தைத் தாண்டிவிட்டது. முதிரும் தேதி எதுவாக இருந்தாலும், பாலிசி வழங்கப்பட்ட நாளில் இருந்த வரம்புதான் கடைசி வரை பேசும். 2003 ஏப்ரலுக்கு முன்னால் வழங்கப்பட்ட பழைய பாலிசி வீட்டில் இருந்தால் இந்தச் சதவீதக் கணக்கே அதற்குக் கிடையாது.

அம்பத்தூரிலிருந்து: "ஏஜென்ட் ஏழு மடங்கு காப்பு இருக்கிறது, இது ஐஆர்டிஏஐ அனுமதித்த பாலிசிதான், பயப்பட வேண்டாம் என்கிறார். போடலாமா?"

அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிமுறைகளில், தவணைப் பிரீமியம் பாலிசிகளுக்குக் குறைந்தபட்சக் காப்பு ஆண்டு பிரீமியத்தைப் போல் 7 மடங்கு, ஒற்றைப் பிரீமியத்துக்கு 1.25 மடங்கு என்று வைத்தார்கள். விற்பதற்கு அது போதும். வரி விலக்குக்கு 10 மடங்கு வேண்டும். 50,000 பிரீமியத்துக்கு 3,50,000 காப்பு என்றால் 14 சதவீதத்துக்கும் மேல், முதிர்வில் லாபத்துக்கு வரி உண்டு. அதே பிரீமியத்துக்கு 5 லட்சம் காப்பு தரும் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், அதில் முதிர்வுத் தொகை கொஞ்சம் குறையலாம், ஆனால் வரி போகக் கையில் நிற்பதை வைத்துத்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, பத்திரத்தில் எந்த எண்ணைப் பார்ப்பது என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சட்டம் பார்ப்பது, பாலிசி காலத்தில் எப்போது மரணம் நேர்ந்தாலும் உறுதியாகக் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகையை. 'அடிப்படைக் காப்புத் தொகை' 4 லட்சம், 'இறப்பின்போதான காப்புத் தொகை' 4,50,000 என்று இரண்டு எண்கள் இருந்தால், 45,000 பிரீமியத்தை இரண்டாவதோடு ஒப்பிட வேண்டும். சரியாகப் பத்து சதவீதம், தாண்டவில்லை, விலக்கு உண்டு. ஆனால் போனஸையும் திருப்பித் தரப்படும் பிரீமியத்தையும் அதில் சேர்க்கக் கூடாது. காப்பு முதலில் 3 லட்சத்தில் தொடங்கிப் பிறகு 6 லட்சமாக வளரும் திட்டம் என்றால், கணக்குக்கு வருவது 3 லட்சம். மாதத் தவணை கட்டுகிறவர்கள் பன்னிரண்டால் பெருக்கிய பிறகே சதவீதம் பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து: "அப்பா போட்ட ஒற்றைப் பிரீமியம் பாலிசியில் அவர் காலமானதும் நாமினியாக எனக்குப் பணம் வந்தது. நானும் வரி கட்ட வேண்டுமா?"

வேண்டியதில்லை. மரணத்தின்போது கிடைக்கும் தொகைக்கு 10 சதவீத நிபந்தனையே கிடையாது, முழுவதும் விலக்கு. நிறுவனம் தன் முக்கிய ஊழியருக்காக எடுக்கும் கீமேன் பாலிசி மட்டும் இதில் சேராது. ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் விலக்குப் பெற்ற வருமானம் பகுதியில் அந்தத் தொகையைக் காட்டிவிடுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து: "என் மகனுக்கு மாற்றுத்திறன் சான்றிதழ் இருக்கிறது. அவன் உயிர் மேல் 2016-இல் போட்ட பாலிசியில் பிரீமியம் 12 சதவீதம். வரி வருமா?"

80யு பிரிவில் வரும் மாற்றுத்திறனாளி, அல்லது 80டிடிபி பிரிவில் சொல்லப்பட்ட நோய் உள்ளவர் உயிர் மேல், 2013 ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்ட பாலிசிக்கு வரம்பு 15 சதவீதம். உங்கள் 12 அதற்குள் இருக்கிறது. சான்றிதழ் நகலை முதிர்வுக்கு முன்பே நிறுவனத்திடம் கொடுத்து வையுங்கள், இல்லையென்றால் அவர்கள் பத்து சதவீதக் கணக்கில் டிடிஎஸ் பிடித்துவிடுவார்கள், நீங்கள் ரீஃபண்டுக்காகக் காத்திருக்க நேரும்.

அண்ணாநகரிலிருந்து: "பத்து மடங்கு காப்பு இருந்தால் எவ்வளவு பெரிய பாலிசியும் போடலாமா?"

2023 ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்ட சாதாரண பாலிசிகள் என்றால் முடியாது. அந்த நாளுக்குப் பிறகு எடுத்த பாலிசிகளின் ஆண்டு பிரீமியம் எல்லாம் சேர்ந்து 5 லட்சத்தைத் தாண்டினால், பத்து மடங்கு இருந்தும் தாண்டிய பாலிசிக்கு முதிர்வில் விலக்கு போய்விடும். யூலிப் என்றால் 2021 பிப்ரவரி 1 முதல் வழங்கப்பட்டவற்றுக்கு இந்த எல்லை 2.5 லட்சம். இரண்டு மூன்று நிறுவனங்களில் பிரித்துப் போட்டாலும் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.